தயிர், புரோபயாடிக், ப்ரூன்ஸ்: நாள்பட்ட மலச்சிக்கலுக்கு எது எவ்வளவு உதவும்?

வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் டயட் கேட்டு வருகிறவர்கள் பேச்சை முடித்து எழுந்திருக்கும்போதுதான் பாதிப் பேர் உண்மையான தொந்தரவைச் சொல்வார்கள். "மோஷன் சரியா போக மாட்டேங்குதும்மா. டெய்லி தயிர் சேத்துக்கறேன், அப்பவும் இப்படித்தான் இருக்கு." அடுத்த கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான். மெடிக்கல் ஷாப்பில் "நல்ல பாக்டீரியா" என்று புரோபயாடிக் கேப்சூல் கொடுத்தார்கள், சாப்பிடலாமா? கொஞ்ச நாளாக மூன்றாவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ப்ரூன்ஸ் என்று ஒரு உலர்பழம் சொல்கிறார்களே, அது நிஜமாகவே வேலை செய்யுமா?

இந்த மூன்றையும் "வயிற்றுக்கு நல்லது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஆய்வுகளைப் பார்த்தால் மூன்றும் மூன்று நிலைமையில் இருக்கின்றன. ஒன்றை இந்தப் பிரச்சினைக்காகச் சோதித்ததே அரிது. இன்னொன்றைப் பலமுறை சோதித்தும் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. மூன்றாவதற்கு அளவோடு சொல்லக்கூடிய ஆதாரம் இருக்கிறது, ஆனால் நம்மூரில் அதைச் சாப்பிடும் முறையில் அந்த அளவு வருவதில்லை.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போய் வந்த இரண்டு நாள் சிக்கல் இதில் சேராது. வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, போகும் நேரங்களில் நாலில் ஒரு தடவைக்கு மேல் முக்க வேண்டியிருப்பது, புளுக்கை மாதிரி கெட்டியாக வருவது, போன பிறகும் முழுசாகப் போகாத உணர்வு. இவற்றில் குறைந்தது இரண்டு அறிகுறிகள் மூன்று மாதமாக இருந்தால்தான் நாள்பட்டது என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். தினமும் போகிறவருக்கும் இது இருக்கலாம். முக்கி முக்கிக் கொஞ்சமாகப் போய், அரை மணி நேரம் கழித்து மறுபடி உட்காருகிறவர் "எனக்குத்தான் டெய்லி போகுதே" என்பார். அதனால் எத்தனை முறை என்பதைவிட எப்படிப் போகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

தயிரிலிருந்து ஆரம்பிக்கலாம். நம் வீட்டில் வயிறு போனாலும் தயிர் சாதம், வயிறு போகாவிட்டாலும் மோர். நாட்டுத் தயிரைக் கொடுத்து நாள்பட்ட மலச்சிக்கல் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் ஒரு நல்ல சோதனையை என்னால் காட்ட முடியாது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நேற்றைய மோரில் ஒரு ஸ்பூன் எடுத்து உறை ஊற்றுகிறோம். அந்த மோரில் எந்த பாக்டீரியா, எத்தனை கோடி என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஒரே வீட்டிலும் சித்திரையில் ஒன்று, மார்கழியில் ஒன்று. பாலைப் புளிக்க வைப்பதில் கெட்டிக்கார பாக்டீரியாக்கள் அவை. இரைப்பையின் அமிலத்தையும் பித்தநீரையும் தாண்டிப் பெருங்குடல் வரை உயிரோடு போவது அவற்றுக்குச் சுலபமில்லை. போனாலும் அங்கே குடல் அசைவை மாற்றும் என்று யாரும் காட்டவில்லை.

வெளிநாட்டு ஆய்வுகளில் பலன் கொடுத்ததாக வரும் தயிர்கள் வேறு. அவற்றில் பெயரும் எண்ணும் கொண்ட ஒரு பிஃபிடோபாக்டீரியம் ரகத்தைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள். அந்த முடிவைத் தூக்கி நம் மண்சட்டித் தயிருக்கு வைக்க முடியாது. தயிரில் நார்ச்சத்தும் கிடையாது. மதியம் ஒரு தட்டு வெள்ளைச் சாதம், தயிர், ஊறுகாய் என்று சாப்பிட்டால் அந்த வேளையில் குடலுக்குப் போய்ச் சேரும் நார் மிகக் குறைவு. தயிர் சிக்கலை உண்டாக்குகிறது என்று நான் சொல்லவில்லை. காய், கீரை, சுண்டல் உட்கார வேண்டிய இடத்தைத் தயிர் சாதம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். புரதத்துக்கும் கால்சியத்துக்கும் தயிர் சாப்பிடுங்கள். மலச்சிக்கலுக்கு மருந்து என்று நினைத்துச் சாப்பிட்டால் மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

அடுத்தது கேப்சூல். இந்தக் கதை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ஆதாரம் என்பது எப்படி மாறும் என்பதை இதில் கண்ணால் பார்க்கலாம்.

2014-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த எய்ரினி டிமிடியும் அவரது குழுவும், பெரியவர்களின் மலச்சிக்கலுக்கு புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த 14 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மொத்தம் 1182 பேர். உணவு குடலைக் கடக்கும் நேரம் சராசரியாக 12 மணி நேரம் குறைந்தது, வாரத்துக்கு ஒன்றேகால் முறை கூடுதலாகப் போனார்கள் என்று வந்தது. குறிப்பாக பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் என்ற இனம் நன்றாகத் தெரிந்தது. இன்றைக்கும் விளம்பரங்களில் ஓடுவது இந்த முடிவுதான். ஆனால் அந்தச் சோதனைகள் பலவும் சின்னவை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியவர்களே சொல்லியிருந்தார்கள்.

அப்புறம் அதே குழு பேப்பரில் கணக்குப் போடுவதோடு நிற்காமல் தாங்களே ஒரு சோதனை நடத்தியது. நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 75 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸின் ஒரு ரகம், மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் சும்மா பொடி, நான்கு வாரம். 2019-ல் முடிவு வந்தது. குடல் கடக்கும் நேரத்திலும் சரி, மலம் போவதிலும் சரி, இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இதே இனத்தின் எச்.என்.019 என்ற இன்னொரு ரகத்தை 2018-ல் 228 பேரிடம் சோதித்தபோதும் அவர்கள் முக்கியமாக அளக்க நினைத்த விஷயத்தில் மாற்றம் இல்லை. 2024-ல் சீனாவில் 229 பேரிடம் எட்டு வாரம் பார்த்தபோதும் அதே பதில். சின்னச் சோதனைகளில் பளிச்சென்று தெரிந்த பலன், பெரிய சோதனைகளில் மங்கிப் போகிறது.

"ஆனா எனக்குக் கேப்சூல் போட்டதும் சரியாச்சே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மலச்சிக்கல் ஏறி இறங்கும் தொல்லை. மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் யாரும் கடைக்குப் போய் மருந்து கேட்பார்கள். அதற்கு அடுத்த வாரம் எதைச் சாப்பிட்டாலும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும். போதாததற்கு, மருந்து ஆரம்பித்த ஜோரில் தண்ணீரும் கூடுதலாகக் குடிப்போம். சோதனையில் சும்மா பொடி சாப்பிட்டவர்களோடு ஒப்பிடுவது இதற்காகத்தான்.

நம் மெடிக்கல் ஷாப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பேசிலஸ் க்ளாசி குப்பியோ சாக்கரோமைசிஸ் போலார்டி பாக்கெட்டோதான். இரண்டும் வயிற்றுப்போக்குக்காகவும், ஆன்டிபயாடிக் போடும்போது வயிறு கெடாமலிருக்கவும் கொடுத்துப் பழகியவை. அதை மலச்சிக்கலுக்குப் போடுவதற்கு "நல்ல பாக்டீரியா" என்ற பொதுப் பெயரைத் தவிர வேறு நியாயம் இல்லை. எனவே கேப்சூல் பற்றி என் பதில் இதுதான். கையில் காசு இருந்து, அட்டையில் பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் என்ற இனமும் அதற்குப் பின்னால் ரகத்தின் எழுத்தும் எண்ணும் தெளிவாக இருந்தால், நான்கு வாரம் பார்க்கலாம். எத்தனை முறை, எப்படிப் போகிறது என்று நோட்டில் எழுதி வாருங்கள், நான்கு வாரத்தில் அந்தக் கணக்கு மாறவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள், கீமோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ரகம் எழுதாத, பத்துப் பன்னிரண்டு பாக்டீரியாவைக் கலந்த பாட்டிலுக்குக் காசு போடாதீர்கள்.

சரி, ப்ரூன்ஸ். இது காய்ந்த பிளம் பழம். சௌகார்பேட்டையில் மிண்ட் தெருவைச் சுற்றியுள்ள உலர்பழக் கடைகளில் ப்ரூன்ஸ் என்றே கேட்டு வாங்கலாம். கறுப்பாக, பிசுபிசுப்பாக, கொட்டை எடுத்ததாக இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் ஆல்பக்கோடாவும் காய்ந்த பிளம் வகைதான். ஆனால் அது சின்னது, புளிப்பு, சில இடங்களில் உப்பும் சேர்ந்திருக்கும். ஆய்வுகளில் கொடுத்தது அது இல்லை. அதை வைத்து இதற்கு அளவு சொல்ல என்னால் முடியாது.

இந்தப் பழம் எப்படி வேலை செய்கிறது என்பது ஓரளவு தெளிவாகத் தெரியும். இதில் சார்பிட்டால் என்ற ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது, 100 கிராமில் ஏறக்குறைய 15 கிராம். சிறுகுடல் இதை முழுசாக உறிஞ்சாது. உறிஞ்சாமல் மிஞ்சியது தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது, மலம் இளகுகிறது. மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப்பும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. 1990-ல் வயதான ஆண்களுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது சார்பிட்டால் லாக்டுலோஸுக்குச் சளைக்கவில்லை. இதோடு 100 கிராமுக்கு ஆறு ஏழு கிராம் நாரும் பழத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "ப்ரூன்ஸ் விலை அதிகம், அதுக்குப் பதிலா திராட்சை ஊற வச்சி சாப்பிடறேன்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். உலர் திராட்சையிலும் பேரீச்சம்பழத்திலும் சார்பிட்டால் கிட்டத்தட்ட இல்லை. கொஞ்சம் நார் கிடைக்கும், சர்க்கரை நிறையக் கிடைக்கும். பிளம், பேரிக்காய், ஆப்பிள் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம், அந்தக் குடும்பத்தில்தான் சார்பிட்டால் அதிகம். அதனால் மாற்று வேண்டுமென்றால் தோலோடு பேரிக்காய் என்பேன், திராட்சை என்று சொல்ல மாட்டேன். இன்னொன்று, ப்ரூன்ஸை இரவில் ஊற வைத்துக் காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பழத்தை மட்டும் சாப்பிடுகிறார்கள். சார்பிட்டால் தண்ணீரில் கரையும். ஊற வைத்தால் அந்தத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும்.

இனி அளவு. 2011-ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 40 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. காலையில் 50 கிராம், மாலையில் 50 கிராம் ப்ரூன்ஸ், மூன்று வாரம். நடுவில் ஒரு வாரம் இடைவெளி விட்டு, இன்னொரு மூன்று வாரம் சைலியம், அதாவது நம் இசப்கோல். மருந்தில்லாமல், முழுசாகப் போன திருப்தியோடு வாரத்துக்கு எத்தனை முறை என்று கணக்கெடுத்தார்கள். ப்ரூன்ஸில் 3.5, இசப்கோலில் 2.8. மலமும் ப்ரூன்ஸில் இன்னும் இளகலாக இருந்தது. முக்குவது மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

"இசப்கோலை மிஞ்சிய பழம்" என்று இந்த ஆய்வைத்தான் எல்லா இடத்திலும் எடுத்துப் போடுகிறார்கள். எண் சரிதான், ஆனால் போட்டி எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் நார்ச்சத்து ஒரே அளவாக இருக்கட்டும் என்று நாளைக்கு 6 கிராம் என வைத்தார்கள். இசப்கோலுக்கு 6 கிராம் என்பது கம்மி. 2022-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நார் வேலை செய்ய நாளைக்கு 10 கிராமுக்கு மேல் வேண்டும், குறைந்தது நான்கு வாரம் வேண்டும் என்று காட்டியது. 2021-ல் 79 பேரிடம் நடந்த இன்னொரு அமெரிக்கச் சோதனையில் ப்ரூன்ஸ் அதே 100 கிராம், ஆனால் இசப்கோல் 12 கிராம், மூன்றாவது குழுவுக்கு இரண்டு பச்சைக் கிவி. நான்கு வாரத்தில் மூன்று குழுவுக்குமே நன்றாக இருந்தது. ப்ரூன்ஸ் தனியாக முந்தவில்லை. வயிற்று உப்புசம் போன்ற புகார்கள் கிவி குழுவில்தான் குறைவு. இரண்டு ஆய்வையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைப்பது இது: ப்ரூன்ஸ் வேலை செய்கிறது, போதுமான அளவு இசப்கோலும் வேலை செய்கிறது, இரண்டாவது பல மடங்கு மலிவு. இவை எதிலும் சும்மா பழம் என்று ஒன்று கொடுத்து மறைத்துச் சோதிக்க முடியாது என்பதால், மருந்துச் சோதனை அளவுக்கு உறுதி இதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

100 கிராம் என்றால் பத்துப் பன்னிரண்டு பழம். நம் வீடுகளில் தினமும் இரண்டு பழம் சாப்பிட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்கிறார்கள். இரண்டு பழத்தில் மூன்று கிராம் சார்பிட்டால்கூட இருக்காது.

இதை ஒருவரிடம் எப்படிச் செய்து பார்த்தோம் என்று சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கொருக்குப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, வயது 54. பத்து வருடத்துக்கும் மேலான சிக்கல். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒரு மாத்திரை, முன்பு ரத்தசோகை இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை, மூட்டு வலிக்குக் கால்சியம். காலை, இரவு இட்லி, மதியம் தயிர் சாதம். புரோபயாடிக் கேப்சூல் ஒரு சுற்று ஏற்கெனவே முடித்திருந்தார். சௌகார்பேட்டையில் வேலை செய்யும் மகன் ஒரு பாக்கெட் ப்ரூன்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தான். "இத எத்தினி சாப்பிடணும், சுகர் ஏறிடாதா?" என்று கேட்டுத்தான் வந்தார்.

உடனே பழத்தை ஆரம்பிக்க வேண்டாம் என்றேன். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் காலண்டரில் குறிக்கச் சொன்னேன். போன நாளுக்கு ஒரு கோடு, அதன் பக்கத்தில் ஒரு எண். புளுக்கையாக வந்தால் 1, கட்டி கட்டியாகச் சேர்ந்து வந்தால் 2, வெடிப்போடு 3, வழவழப்பாக 4. பிரிஸ்டல் அளவுகோல் என்று மருத்துவத்தில் பயன்படுத்தும் ஏழு படியில் முதல் நான்குதான் இது. அவர் காலண்டரில் வாரத்துக்கு இரண்டு கோடு இருந்தது, எல்லாமே 1 அல்லது 2.

அடுத்து மாத்திரைகள். இரும்பும் கால்சியமும் மலத்தை இறுக்கும். எங்கள் மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்தார். ஹீமோகுளோபின் எப்போதோ சரியாகியிருந்தது, தைராய்டும் கிரியேட்டினினும் சரியாக இருந்தன. இரும்பு மாத்திரையை அவர் நிறுத்தினார். இரண்டு வாரத்தில் வாரத்துக்கு மூன்று கோடு ஆனது, எண் இன்னும் 2-தான். இந்த இடத்தில் பொறுமை வேண்டும். இரும்பை நிறுத்திய அன்றே ப்ரூன்ஸையும் ஆரம்பித்திருந்தால் எது உதவியது என்று கடைசி வரை தெரிந்திருக்காது. கால் மரமரப்புக்கு ராத்திரி போடும் அமிட்ரிப்டிலின், கோடீன் கலந்த இருமல் மருந்து, அலுமினியம் உள்ள அசிடிட்டி டானிக், வெராபமில் என்ற பிரஷர் மாத்திரை, இவற்றையும் இப்படிப் பார்க்க வேண்டும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

பிறகுதான் பழம். சாயங்காலம் மூன்று, நன்றாக மென்று, மேலே ஒரு டம்ளர் தண்ணீர். நான்கைந்து நாள் கழித்துக் காலையிலும் மூன்று. அடுத்த வாரம் ஐந்தும் ஐந்தும் போனபோது வயிறு உப்பி, காற்றாகப் பிரிந்தது. கடையில் நிற்க முடியவில்லை என்றார். உறிஞ்சப்படாத சார்பிட்டாலைப் பெருங்குடல் பாக்டீரியா புளிக்க வைப்பதால் வரும் காற்று அது. ஏற்கெனவே வயிறு உப்பும் தொல்லை உள்ளவர்களுக்கு இந்தப் பழம் ஒத்துக்கொள்ளாமல் போவதும் இதனால்தான். இவர் நான்கும் நான்குமாகக் குறைத்ததும் தாங்க முடிந்தது. அது சுமார் 75 கிராம்.

சர்க்கரையையும் கணக்குப் போட்டோம். 75 கிராம் ப்ரூன்ஸில் 48 கிராம் மாவுச்சத்து, 180 கலோரி. பழம் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும், ஆனால் இருக்கிற சாப்பாட்டுக்கு மேலே சேர்த்தால் கட்டாயம் கணக்கில் வரும். காலையில் இரண்டு இட்லி, இரவில் இரண்டு இட்லி குறைத்து, டீயில் சர்க்கரையை நிறுத்தினார். வீட்டு மெஷினில் பார்த்த அளவுகள் பழையபடியே இருந்தன. சிறுநீரகம் பாதித்தவராக இருந்திருந்தால் இந்த வழிக்கே போயிருக்க மாட்டோம். 100 கிராமில் 700 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது, அவர்களுக்கு அது ஆபத்தாகலாம்.

நான்காவது வாரக் கடைசியில் காலண்டரில் வாரத்துக்கு ஐந்து கோடு, எண் 3-ம் 4-ம். பழத்தால்தானா என்று பார்க்க இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னேன். அவருக்கு மனசே இல்லை. ஆனாலும் செய்தார். மூன்றுக்குத் திரும்பியது, மலமும் மறுபடி கெட்டியானது. அதனால் இவர் விஷயத்தில் பழத்துக்கு உரிய பங்கை நம்பிச் சொல்கிறேன்.

இருந்தாலும் மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் ப்ரூன்ஸ் வாங்குவது இட்லிக் கடை வருமானத்தில் நடக்காது. ஆதாரத்தில் எனக்குப் பிடித்த பகுதி இங்கேதான் உதவியது. சாயங்காலம் மட்டும் நான்கு பழம், அதோடு இசப்கோல் காலையும் இரவும் குவியலாக ஒரு ஸ்பூன், சுமார் 5 கிராம் வீதம். பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்ததும் கெட்டியாகும் முன் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைத்து விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைக்கலாம். விழுங்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு அதனால் கொடுப்பதில்லை. மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. கோடுகள் குறையவில்லை.

முக்குவது மட்டும் அவருக்குப் பெரிதாகக் குறையவில்லை. பேசிப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது. விடிகாலை மூன்றரைக்கு எழுந்து மாவு, அடுப்பு, ஐந்து மணிக்கு முதல் ஈடு. ஆறு ஏழு மணிக்கு வயிறு கூப்பிடும், கடையில் கூட்டம். ஐந்து குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ், அந்த நேரத்தில் வரிசை. பத்து மணிக்கு இவர் போகும்போது கூப்பிட்ட வயிறு அடங்கிப் போயிருக்கும். காசிமேட்டில் ஏலத்துக்குப் போகும் பெண்களிடமும், வீட்டு வேலைக்குப் போகிறவர்களிடமும் இதையேதான் கேட்கிறேன். 1990-ல் நல்ல ஆரோக்கியமான 12 இளைஞர்களை ஒரு வாரம் அடக்கிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் குடலிலேயே நகர்வு மெதுவாகிவிட்டது. பத்து வருடம் அடக்கியவருக்கு எவ்வளவு ஆகும். எந்தப் பழமும் கேப்சூலும் இந்த இடத்தைத் தொடாது. அக்காவின் மருமகள் ஆறரைக்கு இருபது நிமிடம் கல்லாவில் நிற்க ஒத்துக்கொண்டாள். அதற்குக் கொஞ்சம் முன்னால் டீயோடு இரண்டு இட்லியும் சாப்பிட்டுவிடுகிறார், சாப்பிட்டதும் குடல் அசைவது எல்லோருக்கும் இயல்பு என்பதால்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. 1997-ல் ஜெர்மனியில் 149 பேருக்கு ஆறு வாரம் இசப்கோல் வகை நார் கொடுத்துப் பார்த்தார்கள். பரிசோதனையில் வேறு கோளாறு ஏதும் இல்லாதவர்களில் 85 சதவீதம் பேர் தேறினார்கள். குடல் நகர்வே மெதுவாக இருந்தவர்களில் 80 சதவீதம் பேருக்குப் பலன் இல்லை. வெளியேற்றுவதில் சிக்கல் உள்ளவர்களில் 63 சதவீதம் பேருக்கும் இல்லை. சரியான அளவில் நான்கு முதல் ஆறு வாரம் பார்த்தும் காலண்டர் அசையவில்லை என்றால், பழத்தைக் கூட்டாதீர்கள். பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பொடி, நாளைக்கு 17 கிராம், இந்த மூன்று உணவையும்விட வலுவான ஆதாரம் உள்ளது. 2023-ல் அமெரிக்கக் குடல் மருத்துவ சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டியில் அதற்கு உறுதியான பரிந்துரை, நாருக்கு நிபந்தனையோடு கூடிய பரிந்துரை. அதை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை.

ரத்தம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று ஆரம்பித்த சிக்கல், வீட்டில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் ப்ரூன்ஸ் வாங்கப் போகாமல் நேராக மருத்துவரிடம் போங்கள். வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

யாரிடமும் சொல்லக் கூச்சப்படும் ஒரு அறிகுறியும் உண்டு. மலம் இளகலாக இருந்தும் வெளியே வராமல் வாசலில் நிற்பது, விரலால் எடுக்கவோ அழுத்தவோ வேண்டியிருப்பது. அது பெரும்பாலும் முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை இறுகிக்கொள்வதால் வருவது. நாரும் சார்பிட்டாலும் அங்கே பெரிதாகப் பயன் தருவதில்லை. ஸ்டான்லி மாதிரி குடல் நோய்ப் பிரிவு உள்ள மருத்துவமனையில் இதை வார்த்தையால் தெளிவாகச் சொல்லுங்கள். சின்ன பலூனில் 50 மில்லி தண்ணீர் நிரப்பி உள்ளே வைத்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் வெளியே தள்ள முடிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. தள்ள முடியவில்லை என்றால் சிகிச்சை அந்தத் தசைக்குக் கொடுக்கும் பயிற்சி. பயோஃபீட்பேக் என்பார்கள். திரையில் தசை இறுகுவதையும் தளர்வதையும் பார்த்துப் பார்த்துப் பழகுவது, சில வாரங்களில் பலருக்கு மருந்தில்லாமலே சரியாகிறது.